ஏ.பி.ஏ.ஆர். மதிப்பெண்ணை ஏற்க முடியாதபோது எழுதும் முறையீட்டு மனு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, அரக்கோணம் பகுதிகளில் பணியாற்றும் மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டு செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அறிக்கையை எல்லோரும் ஏ.பி.ஏ.ஆர். என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

“‘குட்’ என்றுதானே போட்டிருக்கிறார்கள், திட்டி ஒன்றும் எழுதவில்லையே. இதற்கெல்லாம் மனு எழுத வேண்டுமா?”

உங்களுக்கு அடுத்து வரவிருக்கும் பதவி உயர்வுக்கோ எம்.ஏ.சி.பி. நிதி உயர்வுக்கோ எந்தத் தரம் தேவை என்பதைப் பார்த்த பிறகே இதைத் தீர்மானிக்க வேண்டும். ஏ.பி.ஏ.ஆரில் 8 முதல் 10 வரை ‘அவுட்ஸ்டாண்டிங்’, 6 முதல் 8-க்குக் கீழ் வரை ‘வெரி குட்’, 4 முதல் 6-க்குக் கீழ் வரை ‘குட்’ எனக் கணக்கிடப்படுகிறது. பத்து, இருபது, முப்பது ஆண்டுப் பணி முடிவில் கிடைக்கும் எம்.ஏ.சி.பி. உயர்வுக்கு, ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2016 ஜூலை 25 முதல் எல்லா நிலைகளுக்கும் ‘வெரி குட்’ தேவை என்று விதித்துவிட்டார்கள். “குட் இருந்தால் போதும், பேசாமல் இரு” என்று மூத்த ஊழியர்கள் சொல்வது அதற்கு முந்தைய காலத்து அனுபவத்தை வைத்துத்தான். அவர்கள் காலத்தில் அது பலருக்கு உண்மையாகவும் இருந்தது. இன்று 5.75 என்ற மதிப்பெண், அதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லாவிட்டாலும், உங்கள் உயர்வைத் தடுக்கக்கூடிய மதிப்பெண்தான்.

இந்த நிலையை உச்ச நீதிமன்றம் 2008-இல் தேவ் தத் வழக்கில் தெளிவாகவே எடுத்துக்கொண்டது. எல்லைப்புறச் சாலை அமைப்பில் செயற்பொறியாளராக இருந்தவர் அவர். கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வுக்கு ‘வெரி குட்’ தேவைப்பட்டபோது, 1993–94 ஆம் ஆண்டில் மட்டும் அவருக்குக் ‘குட்’ பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. உயர்வைத் தடுக்கும் பதிவு எந்தச் சொல்லால் எழுதப்பட்டிருந்தாலும் விளைவில் அது பாதகமானதே என்றும், எல்லாப் பதிவுகளையும் ஊழியருக்குத் தெரிவித்து முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதையே உறுதி செய்தது. இன்று முழு அறிக்கையும் உங்கள் கைக்கு வருகிறது என்றால் இதுதான் அடிப்படை. ஆகவே உங்கள் தேவை ‘வெரி குட்’டாக இருந்து, கிடைத்தது ‘குட்’டாக இருந்தால், எழுதத்தான் வேண்டும். அடுத்த பல ஆண்டுகளுக்கு எந்த உயர்வும் இல்லாத நிலையிலும், எழுதப்பட்ட ஒரு குறிப்பு உண்மைக்கு மாறாக இருந்தால் எழுதிவைப்பதே நல்லது என்பது என் கருத்து. அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருந்துகொண்டே இருக்கும்.

“எத்தனை நாள் அவகாசம்? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன், அது ஒப்புக்கொண்டதாகிவிடுமா?”

பணியாளர் பயிற்சித் துறையின் 14.05.2009 தேதியிட்ட அலுவலகக் குறிப்பாணைப்படி, அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 15 நாட்கள். காகிதத்தில் வந்தால் நீங்கள் பெற்றுக் கையெழுத்திட்ட நாளிலிருந்தும், ஸ்பாரோ தளத்தில் வந்தால் உங்கள் கணக்கில் அது தெரிந்த நாளிலிருந்தும் எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. ஞாயிறு, பண்டிகை விடுமுறை என்று கழித்துக்கொண்டே போகாதீர்கள். 15 நாட்களுக்குள் மனு வராவிட்டால் உங்களுக்கு முறையிட ஒன்றுமில்லை என்றே கொள்ளப்பட்டு, அறிக்கை இறுதியாகிவிடும். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே, உடன்பட்டதற்கு அல்ல. கையெழுத்திட மறுத்து நாளைக் கடத்துவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

“மனுவில் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?”

முடியாது. அதே குறிப்பாணை இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. பணி வெளியீடு, தனிப் பண்புகள் போன்றவற்றின் மதிப்பீட்டுக்குக் காரணமாக அறிக்கையில் கூறப்பட்ட குறிப்பிட்ட உண்மை சார்ந்த கருத்துகள் மீது மட்டுமே மனு அமைய வேண்டும். நம்மவர்கள் எழுதும் மனுக்களில் பெரும்பாலானவை தோற்பது இந்த இடத்தில்தான். “இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்பழுக்கின்றிப் பணியாற்றி வருகிறேன், மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியிருக்கிறேன், தயவுகூர்ந்து உயர்த்தித் தர வேண்டுகிறேன்” என்ற மனுவில் சொல்லப்பட்டது முழுவதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முடிவெடுப்பவர் சரிபார்ப்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் உங்களைப் பார்த்திருக்க மாட்டார். சென்னையில் அமர்ந்து, அறிக்கையையும் உங்கள் மனுவையும் அருகருகே வைத்துப் படிப்பார். அறிக்கையில் உள்ள ஒரு வரியை எடுத்து, அது ஏன் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினால்தான் அவர் கையில் மாற்றுவதற்கான காரணம் ஒன்று இருக்கும்.

“எங்கிருந்து தொடங்குவது? மொத்த மதிப்பெண் 5.75 என்று மட்டும்தான் எனக்குப் புரிகிறது.”

மொத்த மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, அது எப்படி உருவானது என்று பின்னோக்கிப் போங்கள். பணி வெளியீட்டுக்கு 40 விழுக்காடு, தனிப் பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30 என்று எடை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சில இனங்கள் இருக்கும். அவற்றின் சராசரிதான் அந்தப் பகுதியின் மதிப்பெண். துறைக்குத் துறை படிவத்தில் சிறு வேறுபாடுகள் உண்டு என்பதால் உங்கள் படிவத்தையே வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

விளக்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வேலூரில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஓர் அம்மையார் உதவியாளராக இருக்கிறார்; குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளிலிருந்து வரும் விண்ணப்பங்கள் அவருடைய சீட்டுக்கு உரியவை. 2024–25 ஆம் ஆண்டு அறிக்கையில் பணி வெளியீட்டின் நான்கு இனங்களுக்கு அவர் பெற்றவை: ஒதுக்கப்பட்ட பணியை முடித்தல் 4, பணியின் தரம் 6, பகுத்தாயும் திறன் 6, எதிர்பாராத அல்லது சிறப்புப் பணி 4. சராசரி 5, அதில் 40 விழுக்காடு 2.00. தனிப் பண்புகளின் சராசரி 6.5, அதில் 30 விழுக்காடு 1.95. பணித்திறன் 6, அதில் 30 விழுக்காடு 1.80. கூட்டினால் 5.75.

இப்போது கணக்கு வேறு மாதிரி தெரியும். அவரைக் கீழே இழுப்பவை இரண்டே இனங்கள்தான். அந்த இரண்டு 4-களும் 6 ஆனால் பணி வெளியீட்டின் சராசரி 6 ஆகும். அதில் 40 விழுக்காடு 2.40; மொத்தம் 6.15. ‘வெரி குட்’ வந்துவிடுகிறது. முழு அறிக்கையையும் எதிர்த்து வாதாட வேண்டியதில்லை. பணியின் தரத்துக்குக் கிடைத்த 6-ஐ 8 ஆக்குங்கள் என்று கேட்கவும் வேண்டியதில்லை. கேட்டால், உண்மையிலேயே தவறாக இருக்கும் இரண்டு இனங்களும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

அடுத்து, பென் பிக்சர் எனப்படும் சொற்குறிப்பைப் படிக்க வேண்டும். அவருடைய அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறது: “ஒதுக்கப்பட்ட பணிகளை உரிய காலத்தில் முடிப்பதில் தாமதம் காணப்பட்டது. நிலுவை மிகுதி.” இதுதான் அந்தக் குறிப்பாணை சொல்லும் உண்மை சார்ந்த கருத்து. இது சரியா தவறா என்று பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியும். “சுறுசுறுப்புப் போதாது” என்று மட்டும் எழுதியிருந்தால் மறுப்பது இன்னும் கடினமாகியிருக்கும்.

மூன்றாவதாக, அறிக்கை தனக்குள்ளேயே முரண்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. இந்த அம்மையாருக்கு, தனிப் பண்புகள் பகுதியில் ‘கால அட்டவணையைக் கடைப்பிடிக்கும் திறன்’ என்ற இனத்தில் அதே அலுவலர் 7 கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் காலத்தைக் கடைப்பிடிப்பவர் என்று 7 கொடுத்துவிட்டு, மறுபக்கத்தில் காலத்தில் முடிப்பதில்லை என்று 4 கொடுப்பது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதைச் சுட்டிக்காட்டுவதற்கு வெளி ஆவணம் எதுவும் தேவையில்லை, அறிக்கையே ஆவணம். ஒரே ஓர் எச்சரிக்கை: இந்த முரணை மட்டும் நம்பி எழுதினால் 7-ஐக் குறைத்து முரணைத் தீர்த்துவிடவும் கூடும். பதிவேட்டுக் கணக்கு முதலில் நின்று, இது துணையாக வர வேண்டும்.

“அப்படியானால் மனுவின் உடல் எப்படி இருக்கும்? எழுதிக் காட்ட முடியுமா?”

மேலே சொன்ன எடுத்துக்காட்டையே தொடர்கிறேன். எண்களுக்குப் பதிலாக உங்கள் பதிவேட்டில் உள்ளவற்றை வைத்துப் பாருங்கள்.

“பொருள்: 2024–25 ஆம் ஆண்டு ஏ.பி.ஏ.ஆர். – பணி வெளியீட்டுப் பகுதியின் இரண்டு இனங்களை மறுஆய்வு செய்யக் கோருதல்.

மேற்படி அறிக்கை 02.09.2025 அன்று எனக்குக் கிடைத்தது. 14.05.2009 தேதியிட்ட குறிப்பாணையின்படி, உரிய காலத்துக்குள் இம்மனுவை அளிக்கிறேன்.

‘ஒதுக்கப்பட்ட பணியை முடித்தல்’ என்ற இனத்தில் 4 வழங்கப்பட்டு, சொற்குறிப்பில் ‘நிலுவை மிகுதி’ என்று காரணம் கூறப்பட்டுள்ளது. என் சீட்டின் பதிவேட்டின்படி, 01.04.2024 அன்று நிலுவை 212. ஆண்டு முழுவதும் வந்தவை 1,486. முடிக்கப்பட்டவை 1,531. 31.03.2025 அன்று நிலுவை 167. ஆண்டின் தொடக்கத்தைவிட இறுதியில் நிலுவை 45 குறைந்துள்ளது. (இணைப்பு 1: பிரிவு அலுவலர் கையொப்பமிட்ட காலாண்டு அறிக்கைகள் நான்கு.)

30.09.2024 அன்று நிலுவை 291 ஆக உயர்ந்திருந்தது உண்மை. 08.07.2024 முதல் 30.09.2024 வரை, மாற்றலாகிச் சென்றவருக்குப் பதிலாக வேறொருவர் பொறுப்பேற்கும் வரை, வாலாஜாபேட்டை, சோளிங்கர் சீட்டின் கூடுதல் பொறுப்பும் அலுவலக ஆணை வழியாக எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. (இணைப்பு 2.) அந்தக் காலத்தில் அந்தச் சீட்டில் என்னால் முடிக்கப்பட்டவை 263, மேலே கூறிய 1,531-இல் இவை சேரவில்லை. கூடுதல் பொறுப்பு முடிந்த பின், 31.12.2024 அன்று நிலுவை 224 ஆகவும், ஆண்டிறுதியில் 167 ஆகவும் குறைந்தது.

‘எதிர்பாராத அல்லது சிறப்புப் பணி’ என்ற இனத்தில் 4 வழங்கப்பட்டுள்ளது. கூடுதல் பொறுப்பையும், பேரணாம்பட்டில் நடந்த குறைதீர் முகாமின் பணியையும் என் தன்மதிப்பீட்டில் குறிப்பிட்டிருந்தேன். அறிக்கை எழுதிய அலுவலர் அதை மறுக்கவில்லை. சொற்குறிப்பில் அதைப் பற்றி எதுவும் கூறப்படவுமில்லை.

அதே அறிக்கையின் தனிப் பண்புகள் பகுதியில் ‘கால அட்டவணையைக் கடைப்பிடிக்கும் திறன்’ என்ற இனத்துக்கு 7 வழங்கப்பட்டிருப்பதையும் கனிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

ஆகவே, மேற்கண்ட பதிவேடுகளின் அடிப்படையில் இவ்விரு இனங்களையும் மறுஆய்வு செய்து, அதற்கேற்ப மொத்த மதிப்பெண்ணைத் திருத்தி, ‘நிலுவை மிகுதி’ என்ற குறிப்பை நீக்கித் தருமாறும், முடிவைக் காரணங்களோடு தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். செப்டம்பரில் நிலுவை கூடியதை அவரே முன்வந்து சொல்லிவிடுகிறார். சொல்லாமல் விட்டிருந்தால், அறிக்கை எழுதிய அலுவலரிடம் கருத்துக் கேட்கும்போது அவர் முதலில் எடுத்துக்காட்டுவது அந்த 291-ஐத்தான். அதன் பிறகு மீதி எண்களும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். இன்னொன்று, “என்னை 6.15-க்கு உயர்த்துங்கள்” என்று அவர் கேட்கவில்லை. எந்த இனங்கள் தவறு என்று காட்டிவிட்டு, கணக்கை அதற்குரியவரிடம் விட்டுவிடுகிறார். கேட்கும் எண்ணை எழுதுவது தவறில்லை என்றாலும், இனங்களின் மீது நிற்கும் கோரிக்கை பேரம் போலத் தோன்றாது.

நீளம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மொழியைப் பொறுத்தவரை, குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு தருகிறது. ஆயினும் முடிவெடுப்பவர் தமிழ் படிக்காதவராக இருக்கக்கூடும் என்பதால், பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே அளிக்கிறார்கள். முதலில் தமிழில் எழுதிச் சரிபார்த்துவிட்டுப் பிறகு மாற்றினால், வழக்கமான ஆங்கிலத் தொடர்களுக்குள் உங்கள் உண்மைகள் மறைந்துபோகாமல் இருக்கும்.

“எந்த ஆவணங்களை இணைப்பது? ஆபீசில் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள், ஆர்.டி.ஐ. போடலாமா?”

காலாண்டு அறிக்கை, அலுவலக ஆணை, உங்கள் தன்மதிப்பீட்டின் நகல், அந்த ஆண்டில் எழுத்தில் வந்த பாராட்டோ மெமோவோ, இவை போதும். மெமோ ஒன்று வந்திருந்தால் அதையும் அதற்கு நீங்கள் அளித்த விளக்கத்தையும் சேர்த்தே வையுங்கள். ஒரு மெமோகூட வராத ஆண்டில் தாமதம் என்று குறிப்பு எழுதப்பட்டிருந்தால், ஆண்டு முழுவதும் எழுத்தில் சுட்டிக்காட்டப்படவில்லை என்பதும் சொல்லத் தகுந்த உண்மையே.

தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாட்கள் அவகாசம் உண்டு. உங்களுக்கு இருப்பதோ 15 நாட்கள். ஆகவே அதை நம்பி மனுவை நிறுத்திவைக்காதீர்கள். பதிவேட்டின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று பிரிவு அலுவலருக்கு எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் தேதியையும் பதிவேட்டின் பெயர், பக்க எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள். “இப்பதிவேடு அலுவலகத்திலேயே உள்ளது, அதை வரவழைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு வரி சேர்த்தால், நகல் கிடைக்காததால் மனு வலுவிழக்காது. விண்ணப்பதாரர்களின் பெயர், வங்கிக் கணக்கு, ஆதார் எண் அடங்கிய பக்கங்களை அப்படியே படமெடுத்து இணைத்துவிடாதீர்கள். மதிப்பெண்ணுக்காக எழுதிய மனு ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியக்கூடாது.

“அந்த ஆபீசருக்கு என்னைப் பிடிக்காது. எல்லோருக்கும் தெரியும். அதையும் எழுதட்டுமா?”

உங்கள் வருத்தம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும், தேதியும் ஆவணமும் இல்லாமல் அதை எழுதாமல் இருப்பதே நல்லது என்று அழுத்திச் சொல்வேன். உள்நோக்கம் என்பது மிகக் கனமான குற்றச்சாட்டு. அதை வைத்துத் தீர்ப்பாயம் வரை போனால், அந்த அலுவலரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்த்து, குறிப்பான நிகழ்ச்சிகளைக் கொண்டு நிறுவ வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, அந்த ஒரு பத்தி மனுவின் தன்மையையே மாற்றிவிடும். 212, 167 என்ற எண்களைப் பார்க்க வேண்டியவர், இரண்டு பேருக்கு இடையே உள்ள பிணக்கைத் தீர்க்க உட்கார்ந்தவர் போல ஆகிவிடுவார். நீங்கள் அவரைப் பற்றி முன்பே எழுத்தில் புகார் அளித்து, அதற்குச் சில வாரங்களுக்குள் இந்த அறிக்கை எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போதும் புகாரின் தேதியையும் அறிக்கையின் தேதியையும் மட்டும் அடுத்தடுத்துக் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

“போன மூன்று வருடமும் 7-க்கு மேல். பக்கத்து சீட்டுக்காரருக்கு 7.5. இதைச் சொல்லலாமா?”

பக்கத்து சீட்டைத் தொடாதீர்கள்; அவருடைய அறிக்கை உங்களுக்கு அளிக்கப்பட்ட ஆவணமன்று. உங்கள் முந்தைய ஆண்டு மதிப்பெண்களைச் சொல்லலாம், ஆனால் அளவோடு. ஒவ்வோர் ஆண்டின் பணியும் தனியாக மதிப்பிடப்படுவது என்பதால், சென்ற ஆண்டு 7.2 பெற்றது இந்த ஆண்டுக்கு உரிமை ஆகாது. காரணம் எதுவும் எழுதாமல் திடீரென்று சரிந்திருக்கிறது என்று காட்டத்தான் அது உதவும். உத்தரப் பிரதேச ஜல் நிகம் வழக்கில், மேல்நிலையிலிருந்து செங்குத்தாகக் கீழிறக்கும்போது அதற்கான காரணம் பதிவாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதைத் துணைக்குக் கொள்ளலாம்.

“எழுதிய அலுவலர் என்னோடு இரண்டு மாதம்தான் இருந்தார்.”

அறிக்கை எழுதுபவர் உங்கள் பணியைக் குறைந்தது மூன்று மாதங்களாவது மேற்பார்வை செய்திருக்க வேண்டும். அவர் பொறுப்பேற்ற தேதி, விடுவிக்கப்பட்ட தேதி ஆகியவற்றுக்கான ஆணைகள் கிடைத்தால் இதையே மனுவின் முதல் பத்தியாக வையுங்கள். மதிப்பெண் குறித்த வாதம் அதற்குப் பிறகு வரட்டும்.

“யாரிடம் கொடுப்பது? கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி?”

அறிக்கையோடு வரும் கடிதத்திலேயே மனு யாருக்கு அனுப்பப்பட வேண்டும் என்று இருக்கும்; பெரும்பாலும் அவர் மறுஆய்வு அலுவலருக்கு மேல் நிலையில் உள்ளவராக இருப்பார். உரிய வழியாக, அதாவது உங்கள் அலுவலகம் மூலமாகவே அனுப்புங்கள். ஸ்பாரோவில் பதிவேற்றினால் பதிவான திரையைச் சேமித்துக்கொள்ளுங்கள். காகிதமாகக் கொடுத்தால், தபால் பிரிவில் இரண்டாவது பிரதியில் தேதி முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்குங்கள். “நான் பார்த்துக்கொள்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள் மேடம்” என்று அன்போடு சொல்பவரிடமும் முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்தாம் நாள் கேள்விக்கு உள்ளாகும்போது அந்த முத்திரைதான் பேசும்.

“ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் இருக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?”

15 நாள் என்ற கெடுவும் மேலே சொன்ன தீர்ப்புகளும் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு உள்ளவை நியமனக் கடிதமும் நிறுவனத்தின் மதிப்பீட்டு விதிமுறையும்தான், எச்.ஆரிடம் அந்த விதிமுறையைக் கேட்டு வாங்கி, முறையீட்டுக்கான கெடுவை முதலில் பாருங்கள். எழுதும் முறை மட்டும் ஒன்றுதான். “ரிஜெக்‌ஷன் அதிகம்” என்று குறிப்பு இருந்தால், உங்கள் லைனின் மாதாந்திர ரிஜெக்‌ஷன் கணக்கு, அவற்றில் தையலில் வந்த குறை எத்தனை, கட்டிங்கிலிருந்தே வந்த தோல் குறை எத்தனை என்ற பிரிப்பு, ஆண்டுத் தொடக்கத்தில் கையெழுத்தான இலக்கு ஆகிய மூன்றையும் வைத்தே பதில் எழுத வேண்டும்.

“கொடுத்த பிறகு என்ன நடக்கும்? ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் வந்தால்?”

உரிய அதிகாரி, தேவைப்பட்டால் அறிக்கை எழுதியவரையும் மறுஆய்வு செய்தவரையும் கலந்தாலோசித்து, மனு கிடைத்த 30 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மனுவை நிராகரிக்கலாம், ஏற்று மதிப்பெண்ணைத் திருத்தவும் செய்யலாம். ஏ.பி.ஏ.ஆர். பிரிவுக்கு அந்த முடிவு வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இந்தக் கெடுக்கள் தவறுவது உண்டு. தவறினால் மனுவின் தேதியையும் முத்திரை எண்ணையும் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் எழுதுங்கள். அதில் வாதத்தைத் திரும்ப எழுத வேண்டாம்.

தன்முன் வைக்கப்பட்டவற்றைக் கொண்டு அதிகாரி நடுநிலையோடு முடிவெடுக்க வேண்டும் என்று குறிப்பாணை சொல்வதால், நீங்கள் காட்டிய 212-ஐயும் 167-ஐயும், கூடுதல் பொறுப்பு ஆணையையும் பற்றி ஒரு சொல்கூட இல்லாத ஒருவரி ஆணை பலவீனமான ஆணைதான். முதல் மனு பொதுவான வேண்டுகோளாக இருந்திருந்தால் இந்தக் குறையை எடுத்துக்காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. குறிப்பான உண்மைகளும் இணைப்புகளும் கொண்ட மனுவுக்கு ஒருவரியில் பதில் வந்தால்தான், எது பார்க்கப்படவில்லை என்று சொல்ல முடியும்.

அடுத்த இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின்படி, துறைக்குள் உள்ள வழிகளை முடித்த பிறகே பொதுவாக அங்கே போக முடியும். முறையீட்டு மனு அளிக்காதவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். இறுதி ஆணை கிடைத்ததிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மனு அளித்து ஆறு மாதங்களாகியும் எந்த ஆணையும் வராவிட்டால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. தீர்ப்பாயம் பொதுவாகத் தானே மதிப்பெண் போடுவதில்லை. ஆணையை ரத்து செய்து, காரணங்களோடு மீண்டும் முடிவெடுக்குமாறு துறைக்கே திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பி வரும்போது மேசையில் இருக்கப்போவது நீங்கள் முதல் 15 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்த அதே இரண்டு பக்க மனுவும் அதன் இணைப்புகளும்தான் என்பதால், வழக்கறிஞரிடம் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எந்த ஆவணத்தையும் பிறகுக்கு ஒதுக்கி வைக்காதீர்கள்.